‘ஸ்டேபிள்’ என்று எழுதி அனுப்பாதீர்கள்: ஆம்புலன்ஸில் நோயாளியோடு போகும் தாளைப் பற்றி ஒரு நீண்ட பதிவு

1/
நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ் டாக்டர். இன்று ஒரு தாளைப் பற்றிச் சண்டை போட வந்திருக்கிறேன். சின்ன மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு, உயிருக்குப் போராடும் ஒருவரை அனுப்பும்போது கூடவே ஒரு தாள் போகும். ரெஃபரல் சீட்டு, டிரான்ஸ்ஃபர் ஃபார்ம், என்ன பேர் வேணும்னாலும் வச்சுக்கோங்க.

அந்தத் தாளில் பெரும்பாலும் என்ன இருக்கும் தெரியுமா? நோயாளியின் பெயர், வயது, நோயின் பெயர், ‘முதலுதவி அளிக்கப்பட்டது’, ‘மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது’, ‘நோயாளி ஸ்டேபிள்’. கடைசியாகக் கொட்டை எழுத்தில் ‘ஆபத்து உறவினர்களுக்கு விளக்கப்பட்டது’, அதற்குக் கீழே ஒரு கையெழுத்து.

இந்தத் தாள் அடுத்த டாக்டருக்காக எழுதப்பட்டதே இல்லை. நாளைக்குப் பிரச்சினை வந்தால் காட்டுவதற்காக எழுதப்பட்டது. நான் சண்டை போடுவது இதோடுதான்.

2/
காயல்பட்டினத்தை எடுத்துக்கோங்க. அங்கிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 35 கிலோமீட்டர். ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி, பழையகாயல், முத்தையாபுரம் என்று ஊர் ஊராகத் தாண்டிப் போகணும். நடுவில் தாமிரபரணிப் பாலம். திருநெல்வேலிக்குப் போகணும்னா அதைவிடத் தூரம். நல்ல நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திருச்செந்தூரில் சூரசம்ஹாரக் கூட்டம் என்றால் கணக்கே வேறு.

அந்த ஒரு மணி நேரத்தில் நோயாளியைப் பார்த்த டாக்டர் பின்னால் நின்றுவிடுகிறார். பார்க்கப் போகும் டாக்டர் இன்னும் பார்க்கவில்லை. நடுவில் இருப்பது ஆம்புலன்ஸில் ஒரு டெக்னீஷியன், பயந்துபோன ஒரு சொந்தக்காரர், அப்புறம் அந்தத் தாள். நோயாளியின் அதுவரையான கதையைச் சொல்ல அந்தத் தாளை விட்டால் வேறு எதுவும் கிடையாது.

3/
‘ஸ்டேபிள்’ என்ற சொல் ஏன் ஆபத்தானது என்று ஒரு கேஸை வைத்துச் சொல்றேன். ஆள் கற்பனை. ஆனால் இதில் வரும் மருத்துவம் கற்பனை கிடையாது. தாமிரபரணிக் கரையில் வாழைத் தோட்டமும் வயலும் உள்ள எந்த ஊரிலும் இது நடக்கும்.

வயது 42. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் தொழிலாளி. மாலை 5.45-க்குக் காலில் கண்ணாடி விரியன் கடித்தது. 6.30-க்கு மருத்துவமனைக்கு வந்தார். கால் வீங்கியிருக்கிறது, ஈறில் ரத்தம் கசிகிறது.

விரியன் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைத் தின்று தீர்த்துவிடும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய லேப் வேண்டாம். கழுவாத, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்கணும். உறைந்திருந்தால் கட்டியாக நிற்கும். உறையவில்லை என்றால் தண்ணீர் மாதிரி ஓடும். பிளாஸ்டிக் குழாயில் செய்தாலோ, சோப்பு போட்டுக் கழுவிய குழாயில் செய்தாலோ முடிவு பொய்யாகிவிடும்.

இவருக்கு 6.35-க்கு எடுத்தது, 6.55-க்குப் பார்த்தால் உறையவில்லை.

4/
7.00 மணிக்குப் பாம்புக்கடி மருந்து ஆரம்பம். ஏ.எஸ்.வி என்று சொல்வோம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்த ஒரே மருந்து. முதல் டோஸ் 10 குப்பி, சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றணும்.

7.15-க்கு உடம்பெல்லாம் அரிப்பு, வாந்தி, பி.பி 80/50. இது மருந்தினால் வந்த ஒவ்வாமை. குதிரையின் ரத்தத்திலிருந்து செய்யும் மருந்து என்பதால் சிலருக்கு இப்படி வரும். மருந்தை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம் ஊசி போட்டார்கள். பி.பி ஏறியது. 7.30-க்கு மெதுவாக மறுபடி ஆரம்பித்து, 8.30-க்கு 10 குப்பியும் முடிந்தது. ஈறில் கசிவு நின்றுவிட்டது.

ஆனால் கடிபட்டதிலிருந்து போன சிறுநீர் 50 மில்லிதான், அதுவும் டீ டிகாஷன் நிறத்தில். சிறுநீரகம் அடிவாங்குகிறது. டயாலிசிஸ் தேவைப்படலாம், அந்த வசதி அங்கே இல்லை. 8.50-க்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது.

இதுவரை எல்லாமே சரியான சிகிச்சை. யாரும் தப்பு செய்யவில்லை. இப்போ தாளுக்கு வருவோம்.

5/
தாள் இப்படி இருந்தது என்று வச்சுக்குவோம்: ‘பாம்புக்கடி. ஏ.எஸ்.வி கொடுக்கப்பட்டது. நோயாளி ஸ்டேபிள். மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்.’

9.50-க்குப் பெரிய மருத்துவமனை. அங்கே இரவு டூட்டி டாக்டர் முறைப்படி 20 நிமிடச் சோதனையைச் செய்கிறார். 10.15-க்குப் பார்த்தால் ரத்தம் உறையவில்லை.

அவர் என்ன நினைப்பார்? ‘கொடுக்கப்பட்டது’ன்னா எத்தனை குப்பி? இரண்டா, பத்தா? எப்போது முடிந்தது? தெரியாது. கூட வந்த மச்சானைக் கேட்டால், “ஒரு பாட்டில் ஏத்துனாங்க சார்” என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். பத்துக் குப்பியும் ஒரே பாட்டிலில்தானே கலந்தது!

ரத்தம் உறையவில்லை, மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று அந்த டாக்டர் இன்னொரு 10 குப்பி ஆரம்பிப்பார். முன்பு ஒவ்வாமை வந்தது அவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் உலுக்கிக்கொண்டு வந்த, சிறுநீரகம் சோர்ந்துபோன அந்த உடம்பில் பி.பி மறுபடி விழும். பி.பி விழுந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். எந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற அனுப்பினோமோ, அதுக்கே அடி.

6/
இதில் மருத்துவ உண்மை என்னன்னா, அந்த 10.15 மணிச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

ஏ.எஸ்.வி ரத்தத்தில் இருக்கும் விஷத்தைக் கட்டிப்போடும். ஏற்கெனவே தீர்ந்துபோன உறைவுப் புரதங்களை அது திருப்பித் தராது. அதைக் கல்லீரல்தான் புதுசாகச் செய்யணும். அதுக்குச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். அதனால்தான் முதல் டோஸ் முடிந்ததும் ஆறு மணி நேரம் காத்திருந்து சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்கிறது நம் நாட்டு வழிகாட்டுதல். அப்போதும் உறையவில்லை என்றால் அடுத்த டோஸ். ரத்தக்கசிவு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் அது வேறு கதை. இவருக்குக் கசிவு நின்றுவிட்டது.

8.30-க்கு முடிந்தது, ஆகவே அடுத்த சோதனை அதிகாலை 2.30. இந்த ஒரு வரி தாளில் இருந்திருந்தால் போதும்.

அதே தாளில் ரத்தம் சிந்தும் தவறு இன்னொரு பக்கமும் நடக்கும். எங்கேயோ இரண்டு குப்பி மட்டும் ஏற்றி அனுப்புகிறார்கள். தாளில் அதே ‘கொடுக்கப்பட்டது’. வாங்கிய டாக்டர் முழு டோஸ் போயிருக்கும் என்று நம்பி ஆறு மணி நேரம் காத்திருப்பார். விஷம் காத்திருக்காது.

ஒரே சொல் ஒருவருக்கு மருந்தைத் தேவையில்லாமல் இரட்டிப்பாக்கும், இன்னொருவருக்குக் கிடைக்க வேண்டிய மருந்தைத் தடுக்கும்.

7/
அதே நோயாளிக்கு நான் கேட்கும் தாள் இது:

‘கடி 5.45. வருகை 6.30. உறைவுச் சோதனை 6.55: உறையவில்லை, புதிய கண்ணாடிக் குழாய். ஏ.எஸ்.வி 10 குப்பி, ஆரம்பம் 7.00. 7.15 ஒவ்வாமை, பி.பி 80/50, அட்ரினலின் 0.5 மி.கி. தொடையில், மறு ஆரம்பம் 7.30, முடிவு 8.30. ஈறுக் கசிவு நின்றது. சிறுநீர் 50 மில்லி, அடர் நிறம். 8.40-க்கு பி.பி 100/60, நாடி 112, மூச்சு 22, நினைவு தெளிவு. அடுத்த உறைவுச் சோதனை 2.30. அனுப்பும் காரணம்: டயாலிசிஸ் தேவைப்படலாம். வழியில் பி.பி 90-க்குக் கீழே போனாலோ அரிப்பு, மூச்சிரைப்பு வந்தாலோ அட்ரினலின் 0.5 மி.கி. தொடையில், ஊசியில் எடுத்து வைக்கப்பட்டுள்ளது. பேசி ஏற்றுக்கொண்டவர்: டூட்டி மருத்துவர் இன்னார், 8.35.’

பத்து வரி கூட வராது. இதில் ‘ஸ்டேபிள்’ என்ற சொல் எங்கேயாவது இருக்கா? தேவைப்படவே இல்லை. ஆனால் படித்தவுடனே இவர் எவ்வளவு ஸ்டேபிள், எதில் ஸ்டேபிள் இல்லை என்று எந்த டாக்டருக்கும் புரிந்துவிடும்.

நேரம் எழுதாத மருந்தும், நேரம் எழுதாத பி.பி-யும் வாங்குகிற டாக்டருக்கு வெறும் வதந்திதான்.

8/
இன்னொரு பாம்பைச் சொல்றேன். இதில்தான் ‘ஸ்டேபிள்’ தன் உண்மையான முகத்தைக் காட்டும்.

கட்டு விரியன். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல நேரம் பல் தடம் கூடத் தெரியாது. அதிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், விழுங்க முடியாது, கழுத்தைத் தூக்க முடியாது. விஷம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை அடைக்கிறது. கடைசியில் மூச்சுத் தசையும் நிற்கும்.

இவர் கிளம்பும்போது பி.பி 130/80. நாடி 90. ஆக்ஸிஜன் அளவு 98. எல்லா எண்ணும் அழகாக இருக்கும். ‘ஸ்டேபிள்’ என்று எழுதக் கை தானாகவே போகும்.

ஆனால் ஆக்ஸிஜன் அளவு கடைசியில்தான் விழும். அதுக்கு முன்னாடியே மூச்சுத் தசை தோற்றுக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்க. 4.30-க்கு 24 வரை எண்ணினார். 4.50-க்கு 17. 5.10-க்கு 11. ஆக்ஸிஜன் மூன்று தடவையும் 98-தான். ஆனால் இந்த மூன்று எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்க, இவர் பாதி வழியில் மூச்சை நிறுத்தப் போகிறார் என்று ஸ்கூல் பையனுக்கும் தெரியும்.

ஒரு தடவை எடுத்த எண் படம் மாதிரி. மூன்று தடவை எடுத்தால்தான் எந்தப் பக்கம் போகிறார் என்று தெரியும்.

9/
இந்தச் சரிவைப் பார்த்த பிறகு இரண்டே வழி. கிளம்பும் முன்பே மூச்சுக்குழாயில் டியூப் போடணும். அதைச் செய்யத் தெரிந்தவர் அங்கே இல்லை என்றால், ஆம்புபேக் அழுத்தத் தெரிந்த ஒருவர் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து போகணும். பை பெட்டிக்குள் இருந்தால் போதாது, கையில் இருக்கணும். எப்போது அழுத்த ஆரம்பிக்கணும் என்பதும் தாளில் இருக்கணும்.

ஆக்ஸிஜனுக்கும் ஒரு கணக்கு இருக்கு. நடுத்தர அளவுள்ள, ‘பி’ வகை என்று சொல்லும் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிடம் வரும். மீட்டர் முள் பாதியில் நின்றால் 75 நிமிடம். பயணம் 60 நிமிடம்தானே, போதும்னு தோணும். ரயில்வே கேட், டிராஃபிக், பெரிய மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் போதாது. பயண நேரத்துக்கு இரண்டு மடங்கு கையில் வச்சுக்கணும் என்பதுதான் நாங்கள் படித்த கணக்கு. 60 நிமிடப் பயணத்துக்கு 1,200 லிட்டர். பாதிச் சிலிண்டரோடு கிளம்பக் கூடாது.

10/
கட்டு விரியன் கேஸில் இன்னொரு விஷயம். படிக்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்த விஷயம்.

விஷம் முழுசாக ஏறினால் கை கால் அசையாது, இமை திறக்காது. கண்ணின் பாவை விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல் நிற்கலாம். பார்ப்பவருக்கு மூளைச்சாவு மாதிரியே தெரியும். ஆனால் மூளை விழித்துக்கொண்டிருக்கும். நாம் பேசுவது அவருக்குக் காதில் விழும். வெண்டிலேட்டரில் சில நாள் தாங்கினால் எழுந்து வீட்டுக்கு நடந்து போகக்கூடியவர் அவர்.

இப்படி ஒருவர் வந்து இறங்கும்போது, ‘4.30-க்குத் தெளிவாகப் பேசினார், இமை தொங்கல்தான் முதலில் வந்தது, நினைவு மங்கவே இல்லை’ என்று தாளில் ஒரு வரி இருந்தால் போதும். வாங்கும் டாக்டருக்கு ‘இது விஷத்தால் வந்த முடக்கம், இவர் திரும்பி வருவார்’ என்று தெரியும். அந்த வரி இல்லாமல், ‘பாம்புக்கடி, நினைவில்லை’ என்று மட்டும் இருந்தால்? மீதியை நீங்களே யோசிச்சுக்கோங்க.

11/
அடுத்த சண்டை, தொலைபேசி.

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை என்று அனுப்பினார்கள். அடுத்தடுத்து அரசு மருத்துவமனைகள். ஒன்றில் வசதி இல்லை, ஒன்றில் படுக்கை இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் காசு கட்டித்தான் சேர்ந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1996-இல் தீர்ப்பு வந்தது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு. அதோடு, எந்த மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது என்று தெரிந்து நேராக அங்கே அனுப்ப ஒரு மையத் தகவல் ஏற்பாடு வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

இருபத்தோரு வருஷம் கழித்து, 2017 ஆகஸ்டில், நம்ம திருநெல்வேலிக்காரர் ஒருவர் கொல்லம் பக்கம் விபத்தில் சிக்கினார். வெண்டிலேட்டர் இல்லை என்று மருத்துவமனை மருத்துவமனையாகச் சுற்றி, ஆம்புலன்ஸிலேயே உயிர் போனது. கேரள முதல்வர் சட்டமன்றத்தில் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டிலும் ஆம்புலன்ஸுக்கோ, ரோட்டுக்கோ குறைவில்லை. ‘அனுப்புங்க, எடுத்துக்கிறேன்’ என்று ஒரு பெயர் சொல்லி யாரும் ஏற்றுக்கொள்ளாததுதான் பிரச்சினை.

12/
அதனால்தான் தாளில் ‘பேசி ஏற்றுக்கொண்டவர்’ என்று ஒரு கட்டம் கேட்கிறேன். மருத்துவமனையின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. பேசிய டாக்டரின் பெயரும் நேரமும் வேணும்.

தமிழ்நாட்டில் 108 வண்டி வருவதற்கு முன்பே பெரிய மருத்துவமனைக்குத் தகவல் சொல்லும் ஏற்பாடு இருக்கு. நல்ல விஷயம். ஆனால் ‘பாம்புக்கடி, ஆண், 42 வயது வருகிறார்’ என்பது வண்டி வரும் தகவல். ‘வெண்டிலேட்டர் ஒன்று காலியாக வையுங்கள், மூச்சு எண்ணிக்கை 11-க்கு வந்துவிட்டது’ என்பது டாக்டர் டாக்டரிடம் சொல்ல வேண்டியது. முதலாவது இருப்பதால் இரண்டாவது வேண்டாம் என்று ஆகாது.

பெரிய மருத்துவமனையில் இருக்கும் என் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. போன் எடுத்ததும் “ஏன் இங்கே அனுப்புறீங்க? அங்கேயே பார்க்கக் கூடாதா?” என்று ஆரம்பிக்காதீங்க. அப்படி நாலு தடவை கேட்டவர் ஐந்தாவது தடவை போனே போட மாட்டார். சொல்லாமல் ஏற்றி அனுப்பிவிடுவார். அப்புறம் ‘தகவலே இல்லாமல் அனுப்புறாங்க’ என்று நீங்கள் புலம்புவீங்க. இரண்டு பக்கமும் கோபம், நடுவில் நோயாளி.

13/
இனி எதிர்வாதங்களுக்கு வர்றேன்.

‘ராத்திரி ஒரே டாக்டர், வெளியே வரிசை நிற்குது, இதையெல்லாம் எழுத நேரம் ஏது?’ நியாயமான கேள்வி. ஆனால் ஏ.எஸ்.வி ஏற ஒரு மணி நேரம் ஆகிறது. தாளை மருந்து ஏறும்போதே ஆரம்பிக்கணும், கிளம்பும்போது ஆரம்பிக்கக் கூடாது. ஒவ்வொரு நேரத்தையும் அப்போதைக்கப்போது நர்ஸ் குறித்தால் போதும், கடைசியில் டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட நாலு நிமிடம். நாம் தவிர்க்கும் அந்த நாலு நிமிடத்தைத்தான் பெரிய மருத்துவமனையில் முக்கால் மணி நேரமாகச் செலவழிக்கிறார்கள், எல்லாத்தையும் முதலிலிருந்து கண்டுபிடிக்க.

‘அப்போ ஸ்டேபிள் ஆகாதவரை அனுப்பவே கூடாதா?’ கண்டிப்பாக அனுப்பணும். அமெரிக்காவில் 1986-இல் இதுக்கு ஒரு சட்டம் போட்டார்கள், எம்டாலா என்று பெயர். காசில்லாத நோயாளிகளை மருத்துவமனைகள் தள்ளிவிட்டதால் வந்த சட்டம். அதிலும்கூட நிலைப்படாத நோயாளியை அனுப்ப வழி இருக்கு. அனுப்புவதால் வரும் ஆபத்தைவிட நன்மை அதிகம் என்று டாக்டர் எழுத்தில் சொல்லணும், மறுபக்கம் ஏற்றுக்கொண்டிருக்கணும், ரிக்கார்டு கூடவே போகணும், தகுந்த ஆளும் கருவியும் வண்டியில் இருக்கணும். அதாவது, ‘இவர் ஸ்டேபிள் இல்லை, இருந்தும் அனுப்புகிறேன், காரணம் இது’ என்று எழுதுவது குற்றமில்லை. நேர்மை அதுதான். ஸ்டேபிள் இல்லாதவரை ‘ஸ்டேபிள்’ என்று எழுதி அனுப்புவதுதான் குற்றம்.

14/
‘உறவினர்கள் விருப்பத்தின் பேரில் அனுப்பப்படுகிறார்’ என்ற வரியைப் பற்றியும் சொல்லியாகணும். சில நேரம் அது உண்மை. பல நேரம் டாக்டர்தான் “இங்கே முடியாது, கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லியிருப்பார், பயந்துபோன மகன் தலையாட்டியிருப்பான். அது தாளில் அவன் விருப்பமாக மாறிவிடும். வாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு டயாலிசிஸ் எங்கே இருக்கு, வெண்டிலேட்டர் எங்கே இருக்கு என்று என்ன தெரியும்? முடிவு நம்முடையது. பொறுப்பும் நம்முடையதுதான்.

கையெழுத்து வாங்குங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனால் தாளில் பாதியைக் கையெழுத்துக்கும் ஒரு வரியை மருந்துக்கும் ஒதுக்கினால், நாம் யாரைக் காப்பாற்ற எழுதுகிறோம் என்பது வெளிச்சமாகிவிடும். சொல்லப்போனால் வழக்கு வந்தாலும் நம்மைக் காப்பாற்றுவது நேரத்தோடு எழுதிய அந்த எண்கள்தான்.

15/
ரோடு எப்போதும் இருக்கும் என்றும் நம்பாதீங்க. 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ரோடு துண்டானது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. அப்படி ஒரு நாளில் நோயாளி எங்கே மாட்டிக்கொள்வார், அவரை யார் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. நடுவழியில் ஒரு சின்ன மருத்துவமனையில் இறக்க வேண்டி வரலாம். அங்கே இருக்கும் டாக்டரிடம் யாரும் போனில் பேசியிருக்க மாட்டார்கள். ‘அடுத்த சோதனை 2.30, உறையவில்லை என்றால் இன்னொரு 10 குப்பி, அட்ரினலின் தயாராக வைத்துக்கொண்டு’ என்று தாளில் இருந்தால், ரோடு இல்லாத இடத்திலும் சிகிச்சை நிற்காமல் தொடரும்.

16/
கடைசியாக, இதைப் படிக்கும் பொதுமக்களுக்கு.

உங்கள் வீட்டில் ஒருவரை அனுப்பும்போது, “பேப்பர் எழுதுறதெல்லாம் அப்புறம் டாக்டர், முதல்ல வண்டியில ஏத்துங்க” என்று கத்தத் தோணும். அந்தப் பதற்றம் எனக்குப் புரியுது. ஆனால் அந்தப் பேப்பரும் சிகிச்சையில் ஒரு பாகம். ஆம்புலன்ஸ் கதவு மூடும் முன்பு நாலே கேள்வி கேளுங்க. மரியாதையாகக் கேளுங்க, ஆனால் கேளுங்க.

என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தீங்கன்னு எழுதியிருக்கா?
அடுத்து என்ன செய்யணும், எத்தனை மணிக்குன்னு எழுதியிருக்கா?
வழியில் மோசமானால் வண்டியில் இருப்பவர் என்ன செய்யணும்னு அவரிடம் சொல்லியாச்சா?
அங்கே எந்த டாக்டரிடம் பேசினீங்க?

தாளை போனில் ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க. அசல் தாள் நோயாளியோடு போகட்டும், பைக்கில் பின்னால் வரும் மச்சான் சட்டைப்பையில் போக வேண்டாம்.

17/
அரசிடம் கேட்பது ஒன்றே ஒன்று. புதுசாக ஆப் வேண்டாம், கமிட்டி வேண்டாம். இப்போது இருக்கும் ரெஃபரல் படிவத்தை மாற்றி அச்சடியுங்கள். ‘நோயாளியின் நிலை: ஸ்டேபிள் / ஸ்டேபிள் இல்லை’ என்று டிக் அடிக்கும் இடத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மூன்று நேரம், மூன்று வரிசை எண்கள் எழுத ஒரு கட்டம் போடுங்கள். மருந்துக்கு எதிரே ‘ஆரம்பம்’, ‘முடிவு’, ‘ஒவ்வாமை’ என்று மூன்று கட்டம். ‘அடுத்த சோதனை / மருந்து நேரம்’ ஒன்று. ‘வழியில் இப்படி ஆனால் இதைச் செய்க’ ஒன்று. ‘ஏற்றுக்கொண்ட மருத்துவர், நேரம்’ ஒன்று. கீழே கிழித்துத் திருப்பி அனுப்ப ஒரு துண்டு: வந்து சேர்ந்த நேரம், சேர்ந்தபோது பி.பி, மூச்சு, பிறகு என்ன ஆனது. அந்தத் துண்டு திரும்பி வந்தால்தான் நாங்கள் அனுப்பியது சரியா தப்பா என்று எங்களுக்கே தெரியும். இன்று பெரும்பாலும் தெரியாமலே போகிறது.

காலிக் கட்டம் கண்ணை உறுத்தும். நிரப்பாமல் கையெழுத்துப் போடக் கை கூசும். ‘ஸ்டேபிள்’ என்று ஒரு டிக் போட யாருக்கும் கூசுவதில்லை.

தோழர்களே, அடுத்த தடவை அந்தச் சொல்லை எழுதப் பேனா போகும்போது, அதுக்குப் பதிலா மணி என்னன்னு பார்த்து அதை எழுதுங்க. பக்கத்தில் பி.பி-யை எழுதுங்க. ஆரம்பத்துக்கு அது போதும்.